பில்லில் உள்ள 'பாக்கி' யாருடைய பாக்கி?

"ஐயா, அம்மா சுங்கை சிப்புட்டில் தனியாக இருக்கிறார். தமிழ் மட்டும்தான் வாசிப்பார். நவம்பர் மாத லைட் பில்லை வரிக்கு வரி தமிழில் எழுதிக் கொடுத்தேன். 'கொள்ளளவுக் கட்டணம்', 'வலையமைப்புக் கட்டணம்' என்றெல்லாம் எழுதியிருந்தேன். 'அதெல்லாம் சரி, நான் எவ்வளவு கட்டணும், எப்போ கட்டணும்?' என்று கேட்டுவிட்டார். அக்டோபர் பில் தீபாவளி அவசரத்தில் கட்டாமல் விட்டுப்போயிருக்கிறது. பில்லின் படத்தைச் சேர்த்திருக்கிறேன். எப்படி எழுதினால் அவருக்குப் புரியும்?"

உங்கள் அம்மா கேட்டதுதான் சரியான வரிசை. எவ்வளவு, எப்போது, பிறகுதான் ஏன். பில் அந்த வரிசையில் அச்சாவதில்லை. நாம் மேலிருந்து கீழாக மொழிபெயர்த்துக்கொண்டே போகிறோம், அதனால் படிப்பவருக்கு வேண்டியது கடைசிவரை கிடைப்பதில்லை. தோட்ட ஆபீஸில் கிராணியாக இருந்த காலத்திலிருந்து இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன். லயத்தை விட்டுத் தாமானுக்கு வந்த பலருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தங்கள் பெயரில் ஒரு பில் வந்தது அப்போதுதான். அவர்களுக்கு எழுதிக் கொடுத்துப் பழகியதில் எனக்குத் தெரிந்த ஒரே வழி இது: மலாய்ச் சொல்லை எடுக்காதீர்கள், பில்லில் இருப்பது போலவே அதே எழுத்தில் ஒரு பக்கம் எழுதுங்கள். எதிர்ப்பக்கம் அந்தச் சொல்லின் பொருளை எழுத வேண்டாம், அந்த வரி என்ன கேட்கிறது என்பதை எழுதுங்கள். அம்மாவுக்கு மலாய் வாசிக்கத் தெரியாது என்றாலும் எழுத்தின் உருவத்தை ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியும். கவுண்டரில் விரல் வைத்துக் காட்டவும் அந்தச் சொல்தான் உதவும். 'வலையமைப்புக் கட்டணம்' என்று கவுண்டரில் கேட்டால் யாருக்குத் தெரியும்?

உங்கள் பில்லையே எடுத்துக்கொள்வோம். முதலில் 'பாக்கி'யில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பெரிய குழப்பம் அங்கேதான்.

பில்லில் 'பாக்கி தெர்டாஹூலு' என்று ஒரு வரி, எதிரே 57.25 ரிங்கிட். பாக்கி என்ற சொல் தமிழிலும் இருக்கிறது, மலாயிலும் இருக்கிறது. அதனால் மொழிபெயர்க்க வேண்டியதே இல்லை என்று தோன்றும். ஆனால் நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் 10 வெள்ளியை நீட்டிவிட்டு "பாக்கி குடுங்க" என்று கேட்டால் அது நமக்கு வரவேண்டிய சில்லறை. மலாயிலும் கடையில் மிச்சம் தருவதற்கு இதே சொல்தான். ஆக, பாக்கி என்று பார்த்ததும் "நமக்கு 57 வெள்ளி திரும்ப வரணும் போல" என்று நினைப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். பில்லில் அது நேர் எதிர். 'தெர்டாஹூலு' என்றால் முந்தைய. முந்தைய பில்லில் நாம் கட்டாமல் விட்டது அது. அதை 'போன பில்லில் நாம் கட்டாதது' என்று எழுதுங்கள், பாக்கி என்ற சொல்லைத் தமிழ்ப் பக்கத்தில் தொடவே வேண்டாம். 'முந்தைய நிலுவை' என்று எழுதினால் தப்பில்லை, ஆனால் நிலுவை என்ற சொல்லை அம்மா வீட்டில் எப்போதாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

ஒரே ஒரு விதிவிலக்கு. அந்த வரியில் தொகைக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால், நாம் கூடுதலாகக் கட்டியிருக்கிறோம் என்று பொருள். அப்போது மட்டும் அது கடைக்காரர் பாக்கி மாதிரி. உங்கள் பில்லில் குறி இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். பில் தயாரான பிறகு கட்டிய பணம் அந்த பில்லில் தெரியாது. நவம்பர் 13ஆம் தேதி சாயங்காலம் யாராவது கட்டியிருந்தால்கூட 14ஆம் தேதி பில்லில் பாக்கி நிற்க வாய்ப்புண்டு. அதனால் எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் அம்மாவின் ரசீதுகளை ஒருமுறை பாருங்கள், அல்லது myTNB ஆப்பில் கணக்கைத் திறந்து கடைசியாகப் பணம் சேர்ந்த தேதியைப் பாருங்கள். கட்டிய பணத்தை இன்னொரு தடவை கட்டிவிட்டு வந்து என்னிடம் முறையிட்டவர்கள் உண்டு. பணம் எங்கும் போகாது, அடுத்த பில்லில் கழித்தல் குறியோடு வந்து நிற்கும். ஆனால் மாதக் கடைசியில் 57 வெள்ளி சும்மா முடங்குவது யாருக்கும் இனிக்காது.

அடுத்து 'சாஜ் செமாசா', இந்த மாதத்துக்கானது. ஆங்கிலப் பில்லில் இதற்குள்ள சொல்லில் 'கரண்ட்' என்று வரும். அதைப் பார்த்து 'கரண்ட் கட்டணம்' என்று தமிழாக்கம் செய்த ஒரு காகிதம் எங்கள் தாமானில் வெகுநாள் சுவரில் ஒட்டியிருந்தது. படித்தவர்கள் எல்லோரும் அதுமட்டும்தான் கரண்டுக்கான பணம், பாக்கி என்பது வேறு ஏதோ வரி என்று நினைத்துக்கொண்டார்கள். இதேபோல 'சாஜ் தெனாகா' என்பதை 'தெனாகா கம்பெனி எடுத்துக்கொள்ளும் காசு' என்று படிப்பவர்களும் இருக்கிறார்கள், கம்பெனியின் பெயரிலேயே அந்தச் சொல் இருப்பதால். தெனாகா என்றால் ஆற்றல். அந்த வரி மின்சாரத்தை உற்பத்தி செய்வதற்கான செலவு, அவ்வளவுதான்.

இப்போது அந்த மாதக் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். மீட்டரின் முந்தைய ரீடிங் 18452, இப்போதைய ரீடிங் 18738. கழித்தால் 286 யூனிட். அம்மாவுக்குக் காகிதத்தில் இந்தக் கழித்தலை அப்படியே போட்டுக் காட்டுங்கள். எண்களை எல்லோரும் படிப்பார்கள், வீட்டுச் சுவரில் இருக்கும் மீட்டரிலும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் ரீடிங் உண்மையாக எடுத்ததா, உத்தேசமா என்பதும் இருக்கும். 'அங்காரான்' என்று வந்தால் உத்தேசம், அதாவது கேட் பூட்டியிருந்ததாலோ நாய் விடாததாலோ ஆள் மீட்டரைப் பார்க்கவில்லை, பழைய மாதங்களை வைத்துப் போட்டிருக்கிறார்கள். பில்லில் உள்ள எண்ணைவிட மீட்டரில் உள்ள எண் குறைவாக இருந்தால் உத்தேசம் கூடிப்போயிற்று என்று கண்டுபிடித்துவிடலாம். அம்மாவின் பில்லில் உண்மையான ரீடிங்தான் இருக்கிறது, இதை விட்டுவிடலாம்.

2025 ஜூலை 1ஆம் தேதிக்கு முன்னால் இந்த இடத்தில் விளக்கம் சுலபம். முதல் 200 யூனிட்டுக்கு 21.80 சென், அடுத்த 100க்கு 33.40 சென் என்று படிப்படியாக ஏறும். பழைய காகிதங்களில் அதுதான் இருக்கும், அதைப் பார்த்து எழுதிவிடாதீர்கள். அந்தத் தேதியிலிருந்து கட்டணத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து அச்சடிக்கிறார்கள். மாதத்துக்கு 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு ஒரு யூனிட்டுக்கு மூன்று செலவுகள்: சாஜ் தெனாகா 27.03 சென், சாஜ் காப்பாசிட்டி 4.55 சென், சாஜ் ரங்காயான் 12.85 சென். மூன்றையும் கூட்டினால் 44.43 சென்.

நீங்கள் 'கொள்ளளவு' என்று எழுதியது காப்பாசிட்டியை. அகராதியில் அது சரிதான், ஆனால் அம்மாவுக்கு அது தண்ணீர்த் தொட்டி. தோட்டத்தில் இருந்தவருக்கு இதைச் சொல்ல ஒரு வழி உண்டு. செம்பனைக் குலை ஏற்ற லோரியை வாடகைக்குப் பேசி வைத்தால், அன்றைக்கு மழை பெய்து குலை வெட்டவில்லை என்றாலும் லோரி வந்து நின்றதற்குக் காசு உண்டு இல்லையா? மின்நிலையங்களும் அப்படித்தான், யாரும் சுவிட்சு போடாத நேரத்திலும் தயாராக நிற்கவேண்டும். அந்தத் தயார்ச் செலவுதான் காப்பாசிட்டி. (வீட்டுப் பில்லில் அதையும் யூனிட் கணக்கில்தான் வாங்குகிறார்கள், ஆகவே உவமையை ரொம்ப இழுக்க வேண்டாம்.) ரங்காயான் என்பது கம்பி, கம்பம், டிரான்ஸ்ஃபார்மர், இவற்றின் வழியாக மின்சாரத்தை வீடுவரை கொண்டுவரும் செலவு. 'கம்பிச் செலவு' என்று எழுதினால் போதும். மீட்டரைப் படிப்பது, பில் போடுவது போன்ற வேலைகளுக்கு மாதம் 10 ரிங்கிட் என்று இன்னொரு வரி இருக்கிறது. 600 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு அது கிடையாது, அம்மாவுக்கு அது பூஜ்யம். எரிபொருள் விலையைப் பொறுத்து மாதாமாதம் மாறும் ஏஎஃப்ஏ என்ற வரியும் 600 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு இல்லை. பூஜ்யமாக இருக்கும் வரிகளை மொழிபெயர்க்கவே வேண்டாம் என்பது என் கட்சி. 'இது நமக்கில்லை' என்று ஒரே வரியில் எழுதி எல்லாவற்றையும் அதற்குள் அடக்கிவிடுங்கள்.

கணக்கு இப்படி வருகிறது. 286 யூனிட்டுக்குத் தெனாகா 77.31, காப்பாசிட்டி 13.01, ரங்காயான் 36.75. மொத்தம் 127.07 ரிங்கிட். அம்மா இதைப் பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். ஏனென்றால் அவருக்குத் தெரிந்த பில் அறுபது எழுபது வெள்ளிதான். அதற்குக் கீழேதான் 'இன்சென்திஃப்' என்று தொடங்கும் வரி, கழித்தல் குறியோடு 64.35. கழித்தால் 62.72 ரிங்கிட். இதுதான் இந்த மாதத்துக்கானது.

இந்தக் கழிவு வரியில் கொஞ்சம் நிற்கவேண்டும். புதிய பில்லில் தமிழில் சரியாகச் சொல்லவேண்டிய வரி இதுதான், தப்பாகச் சொல்லப்படுவதும் இதுதான். 'ஊக்கத்தொகை' என்று மொழிபெயர்த்தால் அம்மா அரசாங்கம் கொடுத்த உதவிப்பணம் என்று நினைப்பார். உதவிப்பணம் என்றால் வரும், போகும், நம் கையில் இல்லை. இது அப்படியல்ல. குறைவாகப் பயன்படுத்தினால் கழிவு அதிகம், கூடக் கூடக் கழிவு குறையும், 1,000 யூனிட்டைத் தாண்டினால் கழிவே இல்லை. 200 யூனிட் வரை ஒரு யூனிட்டுக்கு 25 சென் கழிவு. 201 முதல் 250 வரை 24.5. 251 முதல் 300 வரை 22.5. 301 முதல் 350 வரை 21. இப்படி இறங்கிக்கொண்டே போகும். ஆகவே நான் 'குறைவாகப் பயன்படுத்தியதற்குக் கழிவு' என்றுதான் எழுதுவேன்.

இதில் ஒரு சூட்சுமம். பழைய முறையில் 301ஆவது யூனிட்டுக்கு மட்டும்தான் விலை ஏறும், அதற்குக் கீழே உள்ள 300 யூனிட்டும் பழைய விலையிலேயே இருக்கும். இந்தக் கழிவு அப்படியல்ல. மொத்தம் எந்தப் பெட்டிக்குள் விழுகிறதோ, அந்தப் பெட்டியின் கழிவுதான் முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும். 300 யூனிட் பயன்படுத்தினால் 65.79 ரிங்கிட். 301 பயன்படுத்தினால் 70.52. ஒரே ஒரு யூனிட்டுக்கு 4 ரிங்கிட் 73 சென்! அதோடு 300ஐத் தாண்டினால் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கான 1.6 விழுக்காடும் வந்து ஒட்டிக்கொள்ளும், பில்லில் கேடபிள்யூடிபிபி என்ற ஐந்தெழுத்தாக. அம்மா 286இல் இருக்கிறார். எல்லைக்கு 14 யூனிட்தான் மிச்சம். 3.5 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் நான்கு மணி நேரம் ஓடினால் அந்த 14 யூனிட் காலி. பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்து ஒரு வாரம் சுடுதண்ணீரில் குளித்தாலே போதும். இதை அம்மாவின் காகிதத்தில் ஒரு வரியாக எழுதுங்கள்: 'மீட்டர் கழித்தல் கணக்கு 300ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் நல்லது.' வேறு சிக்கன அறிவுரை எதுவும் எழுதாதீர்கள், படிக்கமாட்டார்.

பில் போடும் நாள்கள் கூடிப்போனால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். அதற்குத்தான் 'ஃபாக்டோர் ப்ரோராத்தா' என்று ஒரு எண் இருக்கிறது. 1.00000 என்று இருந்தால் வழக்கமான மாதம். அது மாறியிருந்தால் எல்லைகளையும் நாள் கணக்குக்கு ஏற்ப நீட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு இதை எழுத வேண்டியதில்லை, நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். 600ஐத் தாண்டும் வீடுகளுக்கு, தாண்டிய பகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரி உண்டு. அதுவும் நமக்கில்லை.

இனித் தேதி. பில்லில் இரண்டு தேதிகள் இருக்கின்றன, பலர் முதல் தேதியைக் கெடு என்று நினைத்துப் பதறுகிறார்கள். 'தாரிக் பில்' 14.11.2025 என்பது பில் போட்ட நாள். 'பாயார் செபெலும்' 14.12.2025 என்பது கட்டவேண்டிய நாள். நடுவில் 30 நாள். செபெலும் என்றால் 'முன்'. 14ஆம் தேதிக்கு முன். இங்கே நீங்கள் '14ஆம் தேதிக்குள்' என்று எழுதினால் அம்மா 14ஆம் தேதி சாயங்காலம் கிளம்புவார். தமிழில் 'குள்' என்பதற்கும் 'முன்' என்பதற்கும் ஒரு நாள் வித்தியாசம் உண்டு. அந்த ஒரு நாளைப் பற்றிக் கவுண்டரில் நின்று வாதாடுவதைவிட, காகிதத்தில் ஒரு நாள் முன்னாலேயே எழுதிவிடுவது மேல். அதிலும் இந்த 14ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. கவுண்டரில் ரொக்கமாகக் கட்டுபவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்ற கெடுவால் ஒரு பயனும் இல்லை. ஆகவே தேதியை மொழிபெயர்க்காதீர்கள், கிழமையாக மாற்றுங்கள்: 'டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை, மத்தியானத்துக்கு முன்.' ஆப்பில் நீங்களே கட்டப்போகிறீர்கள் என்றால் இந்தக் கவலை இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த 14.12 என்ற தேதி யாருக்கு என்பது. அது இந்த மாதத்து 62.72க்கு மட்டும்தான். மேலே இருக்கும் 57.25க்கு அந்த அவகாசம் கிடையாது. அதற்கு 14.10இல் பில் போட்டு, அதன் 30 நாளும் முடிந்துவிட்டது. அது இன்றைக்கே கட்டவேண்டிய பணம். நான் இதில் ஒருமுறை நன்றாகவே சறுக்கினேன். கோயில் அறிவிப்புப் பலகைக்காக ஒரு விளக்கம் எழுதும்போது 'பில் கிடைத்ததிலிருந்து 30 நாள் அவகாசம் உண்டு' என்று பொதுவாக எழுதிவிட்டேன். இரண்டு மாத பாக்கி வைத்திருந்த ஒரு பாட்டி அதைப் படித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் இன்னும் 30 நாள் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தார். மூன்றாவது வாரம் வீட்டில் இருட்டு. அவர் என்னைத் திட்டவில்லை, "எழுதியிருந்ததே தம்பி" என்று மட்டும் சொன்னார். என் வரியில் இரண்டு தப்பு. பில் கிடைத்த நாளிலிருந்து இல்லை, பில் போட்ட நாளிலிருந்து. எல்லாப் பணத்துக்கும் இல்லை, புதிய பணத்துக்கு மட்டும்.

தாமதக் கட்டணம் 1 விழுக்காடு. பில் தேதியிலிருந்து 30 நாளில் கட்டாமல் நிற்கும் தொகையின் மேல் அது வரும். 57.25க்கு 1 விழுக்காடு 57 சென். நவம்பர் பில்லில் தனி வரியாக 0.57 என்று இருக்கிறதே, அது இதுதான். தமிழில் இதற்கு 'அபராதம்' என்று எழுதுவதை நான் விட்டுவிட்டேன். அபராதம் என்றதும் வயதானவர்களுக்கு போலீஸ், கோர்ட்டு என்று போய்விடுகிறது. ஒரு அம்மா 60 சென்னுக்காக ராத்திரி தூங்கவில்லை. 'லேட்டாகக் கட்டியதற்குக் கூடுதல்' என்று எழுதி எதிரே '57 சென்' என்று போட்டால் பயம் போய்விடும்.

ஆனால் பயம் போனதும் "57 காசுதானே, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று வருமே, அதற்கும் ஒரு வரி வேண்டும். தாமதத்தின் உண்மையான செலவு அந்த 57 சென் இல்லை. பாக்கி நின்றால் இணைப்பைத் துண்டிக்கும் நோட்டீஸ் வரும். நோட்டீஸ் கொடுத்தும் கட்டாவிட்டால் துண்டிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, 1990ஆம் ஆண்டு மின் விநியோகச் சட்டம் அது. துண்டித்தபின் திரும்ப இணைக்கப் பாக்கி முழுவதையும் கட்டவேண்டும், மீள் இணைப்புக் கட்டணமும் தனியாக உண்டு. நோட்டீஸ் வந்தால் அதில் எழுதியிருக்கும் தேதிதான் கணக்கு, பில்லில் இருக்கும் தேதி இல்லை. அம்மாவிடம் சொல்லி வையுங்கள்: பில் மாதிரி இல்லாத காகிதம் ஏதாவது வந்தால் படம் எடுத்து அன்றைக்கே உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். 'பெமோதோங்ஙான்' என்றால் துண்டிப்பு. அந்தச் சொல்லை ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்தவர்கள்கூட உண்டு. அந்த எழுத்து வந்தால் உடனே போன் போடு என்று அர்த்தம்.

'சாகாரான்' என்று ஒரு தொகையையும் பார்த்திருப்பீர்கள். இணைப்பு எடுக்கும்போது கட்டிய டிப்போசிட், சுமார் இரண்டு மாத பில் அளவுக்கு வாங்குவார்கள். அது கட்டவேண்டிய பணம் இல்லை, மொத்தத்தில் சேராது. 'வைப்புத்தொகை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், பேங்கில் போட்ட பணம் மாதிரி இருக்கிறது. பாக்கிக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பி கட்டாமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள், அப்படி மாதாமாதம் நடக்காது.

சரி, இப்போது மொத்தம். 57.25, 0.57, 62.72. கூட்டினால் 120.54. கடைசியில் 'பெங்கெனாப்பான்' 0.01 என்று ஒரு வரி, மொத்தம் 120.55. நாட்டில் 1 சென் நாணயத்தின் புழக்கத்தை 2008இல் நிறுத்தியதிலிருந்து தொகையை 5 சென்னுக்குச் சமமாக்குவதுதான் அது. சில மாதம் ஒன்றிரண்டு சென் கூடும், சில மாதம் குறையும். 'சில்லறை சரிக்கட்டியது' என்றால் புரிந்துவிடும்.

நான் எழுதியிருந்தால் அம்மாவின் காகிதம் ஏறக்குறைய இப்படி இருந்திருக்கும். இடப்பக்கம் மலாய்ச் சொற்களை பில்லைப் பார்த்து நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

"அம்மா, மொத்தம் 120 வெள்ளி 55 காசு.

இதில் 57 வெள்ளி 25 காசு அக்டோபர் மாதத்தில் நாம் கட்டாதது. இதை உடனே கட்டணும். லேட்டானதற்கு 57 காசு சேர்த்திருக்கிறார்கள்.

62 வெள்ளி 72 காசு இந்த மாதத்துக்கு. இதற்கு டிசம்பர் 12 வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. ரெண்டையும் ஒரே தடவையில் கட்டிவிட்டால் ரெண்டாவது தடவை நடக்க வேண்டாம்.

மீட்டர் 18738, போன தடவை 18452, நாம் பயன்படுத்தியது 286. கரண்டு உண்டாக்க 77.31. மின்நிலையம் தயாராக நிற்க 13.01. கம்பிச் செலவு 36.75. குறைவாகப் பயன்படுத்தியதற்குக் கழிவு 64.35. மற்ற வரிகள் நமக்கில்லை. கடைசி ஒரு காசு சில்லறை சரிக்கட்டியது.

286 என்பது 300ஐத் தாண்டாமல் பார்த்துக்குங்க."

'வெள்ளி', 'காசு' என்று எழுதலாமா என்று யோசிக்காதீர்கள். பில்லில் ரிங்கிட், சென் என்று இருப்பது அம்மாவுக்குத் தெரியும், ஆனால் கையில் எண்ணுவது வெள்ளியும் காசும்தான். இதையே தாமான் சங்கத்துக்கு எழுதுவதாக இருந்தால் ரிங்கிட், சென் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

காகிதத்தின் அடியில் கணக்கு எண்ணைப் பெரிதாக, நாலு நாலு இலக்கமாகப் பிரித்து எழுதுங்கள். கவுண்டரில் பில்லை மறந்துவிட்டுப் போனாலும் அந்த எண் இருந்தால் கட்டிவிடலாம். பில்லில் கணக்கு எண்ணுக்குப் பக்கத்திலேயே இன்வாய்ஸ் எண்ணும் இருக்கும், அது மாதாமாதம் மாறும், அதை எழுதிவிடாதீர்கள். அப்புறம், பில் இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறதென்று படத்தில் பார்த்தேன். கட்டுவதற்கு அது தடையில்லை. ஆனால் பெயர் மாற்றும்போது டிப்போசிட் கணக்கும் சேர்ந்து வரும், அதை ஒரு நாள் நீங்கள் கூடப் போய் உட்கார்ந்துதான் முடிக்க வேண்டியிருக்கும்.